சாம்பல் படத்தில் வாலைப் பாருங்கள்: புனுகுப்பூனையா, காட்டுப்பூனையா, கீரியா?

"கோவை நரசீபுரம் பக்கம் மலையடிவாரத்தில் எங்களுக்கு வாழையும் பாக்கும் இருக்கிறது. கோழி காணாமல் போகிறதே என்று பள்ளத்து ஓரம் ஒரு தானியங்கி கேமரா கட்டினேன். ஜனவரியில் மூன்று படம் விழுந்தது, எல்லாம் கறுப்பு வெள்ளை. இரவு 11.40க்குப் புள்ளி போட்ட ஒன்று. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சிறுத்தைக் குட்டி என்கிறார். 2.15க்கு வெள்ளையாக ஒரு பூனை. காலை 6.20க்குக் கீரி மாதிரி ஒன்று, ஆனால் கீரி இருட்டில் திரியுமா? எது என்ன என்று எப்படிச் சொல்வது?"

மூன்று படமும் பார்த்தேன். முதலாவது புனுகுப்பூனை. இரண்டாவது காட்டுப்பூனை. அது வெள்ளையே இல்லை. மூன்றாவது கீரிதான், ஆனால் எந்தக் கீரி என்று அந்தப் படத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. இனி ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறேன். அடுத்த படத்தை நீங்களே பார்த்துச் சொல்லிவிடலாம்.

முதலில் அந்தச் சாம்பல் நிறத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். இருட்டில் கேமரா அகச்சிவப்பு விளக்கைப் போட்டுப் படம் எடுக்கிறது. 850 அல்லது 940 நானோமீட்டர் ஒளி. நம் கண் ஏறக்குறைய 700 வரைதான் பார்க்கும். அந்த ஒளியில் பொருட்கள் நமக்குத் தெரிந்த நிறத்தில் நடந்துகொள்வதில்லை. உங்கள் படத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது: பின்னால் இருக்கும் வாழை இலையைப் பாருங்கள், சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருக்கும். பச்சை இலை அகச்சிவப்பைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடும். இரவில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு அதே கேமரா முன்னால் நடந்து பாருங்கள். பல துணிகள் படத்தில் வெளிர் சாம்பலாக வரும்.

விலங்கின் முடியும் இப்படித்தான். முடிக்கு நிறம் கொடுக்கும் மெலனின், அலைநீளம் கூடக்கூட ஒளியைக் குறைவாகவே உறிஞ்சும். செம்பழுப்பு, மஞ்சள், காவி எல்லாம் அகச்சிவப்பில் வெளுத்துப் போகும். நல்ல கறுப்பு மட்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கும், அதுவும் கொஞ்சம் மங்கித்தான் வரும். மலேசியாவில் கருஞ்சிறுத்தைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய இந்தக் குணத்தையே பயன்படுத்தினார்கள். பகலில் முழுக் கறுப்பாகத் தெரியும் தோலில், அகச்சிவப்புப் படத்தில் புள்ளிகள் தெரிந்தன. கேமராவின் ஒளி உணர்வியை மூடிப் பகலிலும் இரவு முறையில் எடுக்க வைத்தார்கள்.

ஆகவே இரவுப் படத்தில் புள்ளியோ கோடோ தெரிந்தால் அது பெரும்பாலும் கறுப்பு அல்லது கரும்பழுப்புப் புள்ளி. தெரியாவிட்டால் புள்ளியே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. நான் உடல் நிறத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் வால், அப்புறம் கால், அப்புறம் முகமும் காதும்.

சரி, முதல் படம். வாலைப் பாருங்கள். கறுப்பும் வெளுப்புமாக மாறி மாறி வளையங்கள், வாலைச் சுற்றி முழுதாக ஓடுகின்றன. நான் ஏழு கறுப்பு வளையம் எண்ணினேன். நுனி வெளுப்பு. இது ஒன்றே போதும். சிறுத்தைக் குட்டியின் வாலில் இருப்பவை புள்ளிகள். நுனிப் பக்கம் மட்டும் பட்டை மாதிரி சேரும். அடியிலிருந்து நுனி வரை இப்படி வளையல் அடுக்கியது போல இருக்காது. அடுத்து விலாவைப் பாருங்கள். புள்ளிகள் சிதறிக் கிடக்கவில்லை, தலையிலிருந்து வால் பக்கமாக வரிசை கட்டி நிற்கின்றன. முதுகுக்கு மேலே போனால் அந்த வரிசைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நீளக் கோடுகளாகிவிடுகின்றன. சிறுத்தையின் பூப்புள்ளியில் இந்த வரிசை கிடையாது. முகம் கூர்ந்து நீண்டிருக்கிறது. காது இரண்டும் தலை உச்சியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பூனைக் குடும்பத்துக்கு மூக்குப் பகுதி குட்டை, சிறுத்தைக் குட்டிக்கும் அப்படித்தான். பாதங்கள் கறுத்து, கால்கள் குட்டையாக இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் இன்னும் நம்பவில்லை என்றால் அளந்து காட்டிவிடலாம். இதற்கு ஒரு குச்சி போதும். பத்து பத்து சென்டிமீட்டருக்கு ஒரு பட்டை கறுப்பு டேப் சுற்றிய குச்சியை, கேமராவை அசைக்காமல், விலங்கு நின்ற அதே இடத்தில் வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். படத்தில் உள்ள கல், வேர், பாக்கு மரத்தடி இவற்றை வைத்து இடத்தைப் பிடிக்கலாம். நீங்கள் குச்சி வைக்காவிட்டாலும் உங்கள் படத்தில் ஒரு வசதி இருக்கிறது: விலங்கின் காலடியிலேயே சொட்டுநீர்க் குழாயின் இணைப்பு ஒன்று கிடக்கிறது. நேரில் அதை அளந்து பார்த்து, அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். அது 10 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என் திரையில் அது 4 சென்டிமீட்டராகத் தெரிகிறது. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை திரையில் 22, அதாவது நிஜத்தில் 55. வால் திரையில் 14, நிஜத்தில் 35. புனுகுப்பூனைக்கு உடல் அரை மீட்டரை ஒட்டியும் கொஞ்சம் மேலேயும், வால் 30 முதல் 40 சென்டிமீட்டர் வரையும் இருக்கும். சரியாகப் பொருந்துகிறது. இணைப்பின் அளவு வேறாக இருந்தாலும் ஒன்று மாறாது: வால் உடலில் மூன்றில் இரண்டு பங்கு. அந்த விகிதத்துக்கு அளவுகோலே தேவையில்லை.

ஆனால் விகிதம் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. விலங்கு கேமராவுக்கு நேர் பக்கவாட்டில் நிற்க வேண்டும். கேமராவைப் பார்த்து வந்தாலோ முதுகைக் காட்டிப் போனாலோ உடல் சுருங்கித் தெரியும், விகிதம் தவறிவிடும். அப்போது அளவை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் பாருங்கள்.

உங்கள் தோட்டத்தில் புனுகுப்பூனையோடு குழம்பக்கூடியது மரநாய். வாழையும் பாக்கும் இருக்கும் இடத்தில் அது வராமல் இருந்தால்தான் அதிசயம். பழம் தின்ன மரம் ஏறும். அதற்கும் முதுகில் மங்கலான வரிகளும் விலாவில் புள்ளிகளும் உண்டு. ஆனால் வாலில் வளையம் கிடையாது. வால் கிட்டத்தட்ட உடல் நீளத்துக்கே இருக்கும், பின்பாதி கறுத்திருக்கும். முகத்தில் கறுப்பு முகமூடி, கண்ணுக்குக் கீழேயும் மேலேயும் வெள்ளைத் திட்டு. நடக்கும்போது பாதத்தை நன்றாகத் தரையில் பதித்து, பின்பாகம் தூக்கினாற்போல் போகும். படத்தில் வளையம் தெரியாத நீண்ட வால் என்றால் மரநாய்ப் பக்கம் சாயலாம்.

இங்கேதான் பலர் இன்னொரு பிழை செய்கிறார்கள். மரநாய் கேமராவுக்கு மிக அருகில் வந்தால் முகம் வெளுத்துப்போய் முகமூடி அழிந்துவிடும். உடனே 'பழுப்பு மரநாய்' என்று எழுதிவிடுவார்கள், ஏனென்றால் அதற்கு முகக் குறி கிடையாது. பழுப்பு மரநாய் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டு விலங்கு. வால்பாறையின் சோலைகளிலும் அவற்றை ஒட்டிய காப்பித் தோட்டங்களிலும் எதிர்பார்க்கலாம். நரசீபுரம் அடிவாரத்து வாழைத்தோட்டத்தில் அப்படி ஒரு படம் விழுந்தால், முதலில் விளக்கின் மேல் சந்தேகப்படுங்கள்.

விளக்கு ஏன் இப்படிச் செய்கிறது என்றால், ஒளி தூரத்தின் வர்க்கத்தில் குறையும். மூன்று மீட்டரில் நிற்கும் விலங்குக்குப் போதுமான ஒளி, ஒரு மீட்டரில் நிற்கும் விலங்கின் மேல் ஒன்பது மடங்காக விழும். முழு வெள்ளையாகிவிட்ட இடத்தில் எந்த விவரமும் பதிவாகவில்லை. எந்தச் செயலியில் போட்டு இருட்டாக்கினாலும் அது வெறும் சாம்பலாகுமே தவிர முடியும் வரியும் திரும்பி வராது. இதற்கு மாறாக, இருட்டாகத் தெரியும் இடத்தில் விவரம் ஒளிந்திருக்கும். நிழல் பகுதியைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினால் வால் வளையம் எழுந்து வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆக, இருண்ட படத்தைத் தூக்கி எறியாதீர்கள்.

இப்போது இரண்டாவது படம். 'வெள்ளைப் பூனை' என்கிறீர்கள். இதில் நானே ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். காங்கேயம் பக்கம் ஒரு கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில், கிளுவை வேலியின் சந்தில் கேமரா வைத்திருந்தேன். வெளிர் நிறத்தில், உடலில் வரியே இல்லாத பூனை அடுத்தடுத்து விழுந்தது. இரண்டு வாரம் அதைக் காட்டுப்பூனை என்றே குறித்து வைத்தேன். பிறகு ஒருநாள் பகல் படம் வந்தது: பக்கத்துச் சாளை வீட்டில் வளர்க்கும் செம்பூனை, உடல் முழுக்க அழகான வரி. அந்தச் செவ்வரி அத்தனையும் அகச்சிவப்பில் காணாமல் போயிருந்தது. எழுதி வைத்திருந்த பதிவுகளை எல்லாம் உட்கார்ந்து திருத்தினேன். அன்றிலிருந்து பூனை என்றாலே வாலையும் காலையும் பார்க்காமல் பெயர் எழுதுவதில்லை.

உங்கள் படத்துக்கு வருவோம். கால்கள் நீளம், உடல் தரையிலிருந்து நன்றாக எழும்பி நிற்கிறது. வீட்டுப்பூனையோடு ஒப்பிட்டால் கால் மேல் நிற்கும் பூனை என்று சொல்லத் தோன்றும். வால் குட்டை, உடலில் பாதிக்கும் குறைவு. தொங்கவிட்ட வால் பின்னங்காலின் குதிகால் மூட்டு வரைதான் வருகிறது, தரையைத் தொட இன்னும் நிறைய இருக்கிறது. அந்த வாலின் நுனி கறுப்பு, அதற்கு முன்னால் இரண்டு கறுப்பு வளையம். உடல் வெளுத்தும் இந்தக் கறுப்பு அழியாமல் நிற்பதைக் கவனியுங்கள். செம்பூனையாக இருந்தால் வால் நுனியும் உடலோடு சேர்ந்து வெளுத்திருக்கும், வாலும் நீளமாக இருந்திருக்கும். காது உயரமாக, நிமிர்ந்து இருக்கிறது. காட்டுப்பூனைக்குக் காது நுனியில் சிறு கறுப்பு முடிக்கற்றை உண்டு என்று புத்தகங்களில் போட்டிருக்கும். இரவுப் படத்தில் அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அநேகமாகத் தெரியாது. தெரியவில்லை என்பதால் வீட்டுப்பூனை என்றும் ஆகாது.

சாம்பல் வரி போட்ட நாட்டுப்பூனை என்றால் இந்தக் குழப்பம் குறைவு, அதன் கறுப்பு வரிகள் விலாவில் அப்படியே தெரியும். காட்டுப்பூனைக்கு விலாவில் வரி இருக்காது. கால்களின் மேற்பகுதியில் மங்கலான பட்டை இருந்தாலும் அகச்சிவப்பில் பாதி நேரம் மறைந்துவிடும்.

நம் பக்கத்தில் மூன்றாவது ஒரு சாத்தியமும் உண்டு, துரும்பன் பூனை என்று எழுதப்படும் துருப்புள்ளிப் பூனை. உலகின் மிகச் சிறிய பூனைகளில் ஒன்று. தலையும் உடலும் சேர்ந்து 35 முதல் 48 சென்டிமீட்டர், எடை ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ. பாதி வளர்ந்த வீட்டுப்பூனைக்குட்டி மாதிரி இருக்கும். பெயரே சொல்வதுபோல் அதன் புள்ளி துரு நிறம், அதனால் இரவுப் படத்தில் புள்ளி மங்கி, வெறும் சாம்பல் குட்டியாகத் தெரியலாம். நெற்றியில் மேலே ஏறும் கோடுகளும் கண்களுக்கு உள்பக்கம் வெள்ளைக் கீற்றும்தான் கைகொடுக்கும். வாலில் வளையம் இல்லை. இதற்கு அளவுக் குச்சிப் படம் இல்லாமல் நான் பெயர் வைக்க மாட்டேன். உங்கள் இரண்டாவது படத்து விலங்கு அந்த அளவுக்குச் சிறிதில்லை, அதனால் இங்கே அந்தக் கேள்வி எழவில்லை.

மூன்றாவது படத்தில் நீங்கள் கேட்ட கேள்வி மிக நல்ல கேள்வி. கீரி இருட்டில் திரியுமா? நம் சமவெளியில் காணும் சாம்பல் கீரியும், புதர்க்காட்டுச் செங்கீரியும் பகல் விலங்குகள். நள்ளிரவுப் படத்தில் கீரி மாதிரி ஒன்று விழுந்தால், வால் வளையம் மறைந்த புனுகுப்பூனையா, மரநாயா என்று முதலில் பார்ப்பேன். ஆனால் உங்கள் படம் 6.20. கோவைப் பக்கம் ஜனவரியில் சூரியன் உதிப்பது ஆறே முக்காலை ஒட்டி. கேமரா சூரியனைப் பார்த்து முறை மாறுவதில்லை, தன் உணர்வியில் விழும் வெளிச்சத்தைப் பார்த்து மாறுகிறது. பாக்குத்தோப்பின் நிழலில் ஏழு மணிக்கும்கூட அகச்சிவப்பிலேயே எடுத்துக்கொண்டிருக்கும். படம் சாம்பல் என்பதால் அது இரவு என்று ஆகாது. கீரிக்கு விடிந்துவிட்டது, கேமராவுக்கு இன்னும் விடியவில்லை.

நேரத்தை நம்பும் முன் கடிகாரத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி மாற்றும்போது சில கேமராக்களில் தேதியும் நேரமும் ஆரம்ப நிலைக்குப் போய்விடும். காலை, மாலை மாறிப் போடுவதும் அடிக்கடி நடக்கும். கேமரா கட்டும்போதும் கழற்றும்போதும் உங்கள் போன் திரையின் நேரத்தை அதற்குக் காட்டி ஒரு படம் எடுத்து வைத்தால் இந்தச் சந்தேகம் வராது.

கீரி என்பதை நான் எதை வைத்துச் சொன்னேன்? வால் அடியில் தடித்து, நுனி நோக்கிச் சீராக ஒடுங்குகிறது. காது சிறிது, வட்டம், தலையின் பக்கவாட்டில் ஒட்டிக் கிடக்கிறது. உச்சியில் நிமிர்ந்து நிற்கவில்லை. உடல் தாழ்வு, கால் குட்டை. ஆனால் எந்தக் கீரி என்றால் வால் நுனி வேண்டும். செங்கீரிக்கு நுனி நல்ல கறுப்பு, வாலை நுனியில் மேல்நோக்கி வளைத்துக்கொண்டு போகும். சாம்பல் கீரிக்கு நுனி வெளிர். உடல் நிறத்தால் பிரிக்கலாம் என்றால், செம்மையும் சாம்பலும் அகச்சிவப்பில் ஒரே மாதிரிதான் வரும். உங்கள் படத்தில் வாலின் கடைசிப் பகுதி படச்சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. 'கீரி, இனம் தெரியவில்லை' என்று எழுதி வையுங்கள். தவறான பெயரைவிட அந்தப் பதிவு ஆயிரம் மடங்கு பயன்படும். மலையில் இரவில் நடமாடும் பழுப்புக் கீரி என்று ஒன்று இருக்கிறது, நீலகிரியிலும் வால்பாறைப் பக்கமும். அங்கே கேமரா வைப்பவர்கள் 'கீரி இரவில் வராது' என்ற விதியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

கண் ஒளியை வைத்துச் சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். டார்ச் அடிக்கும்போது தெரியும் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் இங்கே கிடையாது, எல்லாக் கண்ணும் வெள்ளைப் பொட்டுதான்.

இனி கேமரா. உங்கள் படங்களின் கோணத்தைப் பார்த்தால் இடுப்பளவு உயரத்தில் கட்டியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அது பன்றிக்கும் மானுக்கும் சரி. இந்தச் சிறு விலங்குகளுக்கு முழங்காலுக்குக் கீழே, 30 முதல் 40 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டுங்கள். மேலிருந்து பார்த்தால் முதுகுதான் தெரியும், கால் நீளமும் வால் தொங்கும் அளவும் மறைந்துவிடும். தடத்திலிருந்து இரண்டரை, மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். பள்ளத்துக் கரை குறுகலாக இருந்து அவ்வளவு தள்ள முடியாவிட்டால், விளக்குப் பகுதியின் மேல் ஒரு பட்டை வெள்ளை மருத்துவ டேப் ஒட்டுங்கள், வெளிச்சம் அடங்கும். அசைவை உணரும் கண்ணாடியையும் லென்சையும் மட்டும் மூடிவிடாதீர்கள்.

ஒரு தடவைக்கு ஒரு படம் என்று வைத்திருப்பதை மூன்று படம் என்று மாற்றுங்கள். இரவில் ஷட்டர் மெதுவாகிவிடும். ஒரு நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கும் விலங்கு, இருபதில் ஒரு நொடியில் ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். புள்ளி அந்த நீளத்துக்கு இழுபட்டுக் கோடாகும். புள்ளி போட்ட புனுகுப்பூனை கோடு போட்ட ஏதோ ஒன்றாக மாறுவது இப்படித்தான். பக்கத்தில் உள்ள புல்லும் கல்லும் கூர்மையாக இருந்து விலங்கு மட்டும் இழுபட்டிருந்தால் அந்தக் கோடுகளை நம்பாதீர்கள். மூன்று படம் எடுத்தால் ஒன்றிலாவது அது நின்று மோப்பம் பிடிக்கும், அல்லது வால் முழுதாகச் சட்டத்துக்குள் வரும்.

கடைசியாகக் கோழி. புனுகுப்பூனை, காட்டுப்பூனை, கீரி மூன்றுமே கோழியைத் தூக்கக்கூடியவைதான். ஆனால் உங்கள் கேமரா இருப்பது பள்ளத்து ஓரம், கூட்டுக்கு அருகில் இல்லை. அந்த வழியே போனது என்பதற்குத்தான் படம் சாட்சி. பள்ளத்து ஓரம் எலியும் வெள்ளெலியும் தேடிக் காட்டுப்பூனை வருவது சாதாரணம். யார் என்று தெரிய வேண்டுமானால் கேமராவைக் கூட்டின் வாசலைப் பக்கவாட்டில் பார்க்கும்படி நான்கு இரவு வையுங்கள், கூடவே அளவுக் குச்சிப் படம் ஒன்று. இவை எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. அதனால் அண்ணனிடம் சொல்லிக் கண்ணியோ விஷமோ வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டுக்கு நெருக்கமான கம்பிவலை போட்டு, அடியில் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணில் புதைத்தால் தோண்டி நுழைவதும் குறையும். கீரியின் வால் நுனி விழுந்த படம் கிடைத்தால் அனுப்புங்கள், அந்தப் பதிவையும் முடித்துவிடலாம்.